16 கிலோமீட்டர் தாண்டினால் வயிற்றைக் கலக்குகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

ஈசிஆர்_ஞாயிறு (ஞாயிறு, மதியம் 1:10)

வணக்கம். வயது 43, எடை 68 கிலோ, இருப்பது சென்னை. இரண்டு வருஷமாக ஓடுகிறேன். அரை மாரத்தான் மூன்று முடித்தாயிற்று, ஜனவரியில் முதல் முழு மாரத்தான். ஞாயிறுதோறும் நீலாங்கரையில் கிளம்பி கோவளம் பக்கமாகப் போய்த் திரும்புவேன்.

10, 12 கிலோமீட்டர் வரை ஒரு தொந்தரவும் இல்லை. 16 தாண்டியதும் தொப்புளைச் சுற்றி முறுக்க ஆரம்பிக்கும். ஐந்து நிமிஷத்தில் அது கீழே இறங்கிவிடும். அப்புறம் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. இன்று ஒரு பெட்ரோல் பங்க்கில் டாய்லெட் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள் பாருங்கள், அந்த இரண்டு நிமிஷத்தை எந்த மாரத்தானிலும் பார்க்க முடியாது. தண்ணீராகப் போனது. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு முறை. மதியத்துக்குள் எதுவுமே நடக்காத மாதிரி வயிறு சரியாகிவிட்டது.

வார நாட்களில் பிரச்சினையே இல்லை. வெளியில் சாப்பிடுவதும் கிடையாது. இது நான்காவது ஞாயிறு. யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

பத்துமாரத்தான் (1:42)

இருக்காதா பின்னே. வயிற்றில் எதையோ போட்டுக்கொண்டு ஓடினால் அது குலுங்கத்தான் செய்யும். நான் பத்து முழு மாரத்தான் ஓடியவன். காலையில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. ஓடும்போதும் தொண்டை காய்ந்தால் நனைத்துக்கொள்வதோடு சரி. வயிறு காலியாக இருந்தால் வெளியே வர என்ன இருக்கிறது? தண்ணீரைக் குறையுங்கள், ஓடும்போது பிதுக்கிச் சாப்பிடுகிற அந்தச் சர்க்கரை ஜெல்லைத் தூக்கிப் போடுங்கள்.

வெண்பூசணி (2:05)

எனக்கும் வலது விலா எலும்புக்குக் கீழே சுருக்கென்று பிடிக்கும். குனிந்து, அந்த இடத்தை விரலால் அழுத்தி, வாயால் மூச்சை நீளமாக விட்டால் போய்விடும். முயற்சி செய்து பாருங்கள்.

ஈசிஆர்_ஞாயிறு (2:20)

நன்றி. ஆனால் எனக்கு விலாவில் இல்லை, குடலில். மூச்சை விட்டால் வேறு எதுவும் சேர்ந்து போய்விடுமோ என்று பயம்.

மருதமலைப்படி (3:35)

கோவையில் விளையாட்டு வீரர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. அந்தப் பத்து நிமிஷ ஓட்டமும் நடையுமாகப் பெட்ரோல் பங்க் தேடுவதை நானும் அனுபவித்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2005 லண்டன் மாரத்தானில் பாலா ராட்கிளிஃப் கடைசிக் கட்டத்தில் சாலையோரம் ஒதுங்கிவிட்டு ஓடித்தான் 2:17:42-இல் ஜெயித்தார். உலகமே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது.

விலாவில் பிடிப்பது வேறு விஷயம், அதை இங்கே சேர்க்க வேண்டாம். ஈசிஆர் சார், தீர்வு சொல்வதற்கு முன் ஒரு கணக்கு வேண்டும். சனிக்கிழமை மதியத்திலிருந்து இன்று ஓடி முடிக்கும்வரை வாயில் போட்ட எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். மாத்திரை, சூயிங்கம் உட்பட.

ஈசிஆர்_ஞாயிறு (4:15)

சனி மதியம் சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல், தயிர். மாலை 5 மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், புரதம் வேண்டுமே என்று. ராத்திரி 8 மணிக்குச் சப்பாத்தி நான்கு, ராஜ்மா மசாலா. படுக்கும்முன் பேரீச்சம்பழம் ஆறு.

ஞாயிறு 3:45-க்கு எழுந்து பெரிய டம்ளரில் பால் விட்ட ஃபில்டர் காபி. 4:15-க்கு வாழைப்பழம் இரண்டு. 4:45-க்கு ஓட்டம். 9-ஆவது கிலோமீட்டரில் ஒரு ஜெல், 15-இல் இன்னொன்று. இரண்டுமே கையில் இருந்த ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கோடு. மொத்தம் குடித்தது 700 மில்லி இருக்கும். 24 கிலோமீட்டர், 2 மணி 40 நிமிஷம்.

மருதமலைப்படி (5:30)

நல்ல விவரம். நீங்கள் கேட்டது "எங்கே தப்பு" என்று. ஒரே இடத்தில் இல்லை, பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் என்று நினைக்கிறேன். 10 கிலோமீட்டரில் வராதது 16-க்கு மேல் ஏன் வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

ஓட ஆரம்பித்ததும் குடலுக்குப் போய்க்கொண்டிருந்த ரத்தத்தில் பெரும்பகுதி கால் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடும். தோலுக்கு ஏன் என்றால் சூட்டை வெளியேற்ற. சென்னைப் புழுக்கத்தில் வேர்வை காயாது, அதனால் தோல் இன்னும் கேட்கும். நேரம் ஆக ஆக வேர்வையில் நீர் போய் ரத்தத்தின் அளவே குறையும். இரண்டு மணி நேரம் ஆகும்போது குடல் பாதி ஆளை வைத்துக்கொண்டு கடை நடத்துகிற மாதிரி. அந்த நேரத்தில் மொத்தக் கொள்முதலை இறக்கினால் உள்ளே எடுத்து வைக்க ஆளில்லை, வாசலிலேயே கிடக்கும்.

நீங்கள் இறக்கியது என்ன? ஒரு ஜெல்லில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து. அதோடு 150 மில்லி ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்தால் அதிலும் 9 கிராம் வரும். 34 கிராம் சர்க்கரை 180 மில்லிக்குள், அதாவது கிட்டத்தட்ட 19 சதவீதப் பாகு. குடலால் வசதியாக உறிஞ்ச முடிவது 6 முதல் 8 சதவீதம் வரை. இவ்வளவு கெட்டியாகப் போனால் குடல் முதலில் உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுத்து அதை நீர்த்துப்போக வைக்கும். உங்களுக்கு முறுக்குவதும் தண்ணீராகப் போவதும் அதில்தான் ஆரம்பிக்கிறது. 9-இல் ஒன்று, 15-இல் ஒன்று, 16-இல் முறுக்கல். நேரமும் பொருந்துகிறது.

அடுத்தது முந்தைய நாள். கொண்டைக்கடலை, ராஜ்மா, சப்பாத்தி, பேரீச்சை. தனித்தனியாக எல்லாமே நல்ல சாப்பாடு. ஆனால் பயறு வகையில் சிறுகுடலில் செரிக்காத சர்க்கரைகள் நிறைய. அவை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு உண்டாக்கும், தண்ணீரையும் இழுக்கும். கோதுமை, வெங்காயம், பூண்டும் அதே ரகம். சாதாரண நாளில் குடல் சமாளித்துவிடும். அதனால்தான் வாரத்தில் உங்களுக்குத் தெரியவில்லை.

பத்துமாரத்தான் (6:02)

மேடம், நான் ராத்திரி சுண்டல் சாப்பிட்டுவிட்டே ஓடியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

மருதமலைப்படி (6:20)

இருக்கலாம் சார். ஒவ்வொரு குடலும் ஒரு மாதிரி. காலையில் வயிற்றை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னதும் சரிதான். ஆனால் தண்ணீரை நிறுத்தச் சொன்னது அவருக்குக் கெடுதல் செய்யும். நீர் வற்றினால் குடலுக்கு ரத்தம் இன்னும் குறையும், இரைப்பையில் இருப்பது கீழே இறங்கவும் நேரமாகும். அடுத்த ஞாயிறு ஓடுவதற்கு முன்னும் பின்னும் துடைத்துவிட்டு, துணி இல்லாமல் எடை பார்க்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

குளிர்நாட்டான் (இரவு 9:48)

நான் டொரோண்டோவில் இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். ஈசிஆர் அண்ணை, மருதமலை அக்கா மாத்திரையையும் எழுதச் சொன்னவ. நீங்கள் அதை விட்டுட்டீங்கள். வலி மாத்திரை ஏதும் போடுறனீங்களோ?

ஈசிஆர்_ஞாயிறு (10:05)

அட. அதை மருந்தாகவே நினைக்கவில்லை. முழங்கால் வலிக்கு, ஞாயிறு மட்டும் கிளம்பும்போது ஐபுப்ரொஃபென் 400 ஒன்று. ஒரு மாதமாகத்தான்.

எழுதும்போதே தெரிகிறது. நாலு ஞாயிறு.

குளிர்நாட்டான் (10:31)

அதுதான் கேட்டனான். போன வருசம் நானும் அப்படித்தான். நீண்ட ஓட்டத்துக்கு முதல் ஒண்டு, இடையில ஒண்டு. ஒருநாள் 30 கிலோமீட்டர் ஓடி வந்த அடுத்த நாள் தார் மாதிரிக் கறுப்பாய்ப் போனது. முதல்நாள் பீட்ரூட் சாப்பிட்டதாலயாக்கும் எண்டு இருந்திட்டன். மூண்டாம் நாள் படியேற மூச்சு வாங்கினது. கமரா விட்டுப் பார்த்தால் இரைப்பையில புண். மாத்திரையை நிப்பாட்டி, வேற மருந்து எடுத்து, ரத்தம் ஏற மூண்டு மாசம் ஆனது.

மருதமலைப்படி (திங்கள், காலை 7:10)

குளிர்நாட்டான் தம்பிக்கு நன்றி, நான் கேட்டுவிட்டுக் கோட்டை விட்டேன். பீட்ரூட் சிவப்பாகத்தான் போகவைக்கும், தார் மாதிரி அல்ல. இரும்புச்சத்து மாத்திரை கறுப்பாக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் வராது. தார் மாதிரிப் போனாலோ சிவப்பாக ரத்தம் தெரிந்தாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் குடலின் உள்சுவரைக் காக்கிற படலத்தைப் பலவீனமாக்கும். ரத்தம் குறைந்து ஏற்கெனவே அடிபட்டிருக்கிற சுவரில் அது இன்னொரு அடி. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. ஈசிஆர் சார், மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதை நிறுத்துங்கள். மாத்திரை போட்டால்தான் 24 கிலோமீட்டர் ஓட முடியும் என்றால் முழங்காலை யாரிடமாவது காட்டுங்கள்.

இனி ஒரு ஞாயிறுக்கு ஒரு மாற்றம் மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல், ஆயுசுக்கும் சுண்டலை ஒதுக்கிவிடுவீர்கள்.

இந்த வாரம் மாத்திரை இல்லை. சனி மதியத்திலிருந்து பயறு, கீரை, பச்சைக் காய்கறி, பேரீச்சை இல்லை. ராத்திரி 7 மணிக்குள் வெள்ளைச் சாதம், ரசம், கொஞ்சம் உருளைக்கிழங்கு, வேண்டுமானால் முட்டை. ஒரே ஒரு நாளைக்கு நார்ச்சத்து குறைந்தால் குடி முழுகிவிடாது. மற்றதெல்லாம் பழைய மாதிரியே.

வீரா_தாம்பரம் (8:25)

இவ்வளவு எதற்கு? லோபெரமைடு ஒன்று போட்டுக்கொண்டு ஓடினால் கட்டி நின்றுவிடாதா? எங்கள் குழுவில் பலர் செய்கிறார்கள்.

மருதமலைப்படி (8:50)

நிற்கலாம். போட்டி நாளில் டாக்டரைக் கேட்டு எடுப்பவர்களும் உண்டு. அது குடலின் அசைவைத்தான் அடக்கும். உள்ளே தேங்கிய பாகும் வாயுவும் அங்கேயே இருக்கும், முறுக்கல் போகாது. காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது போட்டால் நிலைமை மோசமாகலாம். பயிற்சியிலேயே வாராவாரம் போட்டால் குடல் என்ன சொல்கிறது என்று எப்போதுதான் கேட்பது?

பத்துமாரத்தான் (9:15)

ஸ்போர்ட்ஸ் டிரிங்க்குக்குப் பதில் ஓஆர்எஸ் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்துக் குடிக்கலாமே. அது மருந்துதானே.

மருதமலைப்படி (9:40)

1 லிட்டர் பாக்கெட் என்றால் 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் இரட்டிப்பு உப்பு, இவ்வளவு நேரம் பேசிய அதே கதை. சரியாகக் கரைத்தால் உப்புக்கு நல்லது. ஆனால் அதில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், கால் ஓட அது போதாது. இளநீரை யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பொட்டாசியம் நிறைய, வேர்வையில் அதிகம் போகிற சோடியம் குறைவு. ஓடி முடித்துக் குடியுங்கள்.

ஈசிஆர்_ஞாயிறு (ஒரு வாரம் கழித்து, ஞாயிறு 11:30)

முதல் அறிக்கை. மாத்திரை இல்லை. ரசம் சாதம். காபி, ஜெல், டிரிங்க் எல்லாம் பழையபடி. 24 கிலோமீட்டர், அதே வேகம். முறுக்கல் 19-இல் வந்தது, முன்பைவிட லேசு. ஒதுங்க வேண்டியிருந்தது, ஆனால் ஓட்டப்பந்தயம் இல்லை, நடந்தே போனேன். தண்ணீராகவும் இல்லை.

எடை: கிளம்பும்போது 68.2, வந்ததும் 66.1. குடித்தது 700 மில்லி.

மருதமலைப்படி (12:15)

2.1 கிலோ குறைந்திருக்கிறது, அதோடு குடித்த 0.7. ஒதுங்கியதை விட்டுவிட்டால் வேர்வை சுமார் 2.8 லிட்டர், மணிக்கு 1 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. எடையில் 3 சதவீதம் போய்விட்டது. 2-க்குள் நிற்பது நல்லது. அதற்காக முழுதையும் திருப்பி ஊற்ற வேண்டாம், மணிக்கு 1 லிட்டரை இரைப்பை வாங்காது, உள்ளே தளும்பும். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை 120, 130 மில்லி. மணிக்கு அரை லிட்டர் ஆகிவிடும். எழுந்ததும் 300 மில்லி தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓடி வந்து எடை கூடியிருந்தால் அது வேறு ஆபத்து. தண்ணீர் அளவுக்கு மீறி, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மெதுவாக ஐந்து, ஆறு மணி நேரம் ஓடுபவர்கள் ஒவ்வொரு நீர்ப்பந்தலிலும் நின்று குடித்து அதில் மாட்டுவார்கள்.

இந்த வாரம் ஜெல். பாதி ஜெல், 100 மில்லி வெறும் தண்ணீர். 20 நிமிஷம் கழித்து மீதி பாதி, இன்னொரு 100 மில்லி. ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கை ஜெல்லுக்குப் பக்கத்திலேயே வரவிடாதீர்கள். மணிக்கு 30 கிராமில் ஆரம்பியுங்கள். அது ஒத்துக்கொண்டால் வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றலாம், குடலும் பழகும். ஜெல்லின் உறையையும் படியுங்கள். குளுக்கோஸுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் குடலில் வெவ்வேறு வாசல். இரண்டும் கலந்திருந்தால் நெரிசல் குறையும். ஃப்ரக்டோஸ் மட்டுமே அதிகம் என்றால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஈசிஆர்_ஞாயிறு (அடுத்த ஞாயிறு, 12:05)

இரண்டாவது அறிக்கை. 26 கிலோமீட்டர். 22 வரை வயிறு இருப்பதே தெரியவில்லை. அப்புறம் கொஞ்சம் கடகடவென்றது. வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிட்டது. ஒதுங்கவில்லை! எடை 1.2 கிலோதான் குறைந்தது.

காபியை விடச் சொல்லிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

மருதமலைப்படி (12:40)

விட வேண்டாம், முன்னால் தள்ளுங்கள். காபி பெருங்குடலைத் தட்டி எழுப்பும். கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருக்கும்போது குடித்தால் அது எழுந்திருப்பது ரோட்டில். 3:15-க்கு எழுந்து குடித்தால் வீட்டிலேயே வேலை முடிந்துவிடும். பால் சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் பாலில்லாமல் குடித்துப் பாருங்கள்.

ஈசிஆர்_ஞாயிறு (அதற்கடுத்த ஞாயிறு, 11:50)

3:15-க்குக் காபி, பாலோடுதான். 4 மணிக்கு ஒன்று வீட்டிலேயே முடிந்தது. 28 கிலோமீட்டர், 25-இல் ஒரு சின்ன முறுக்கல், அவ்வளவுதான். ஆனால் ராத்திரி மழை பெய்து நன்றாகக் குளிர்ந்திருந்தது. ஆக, காபியா, மழையா?

மருதமலைப்படி (12:20)

சொல்ல முடியாது. சூடு குறைந்தாலே குடலுக்கு ரத்தம் கொஞ்சம் கூடும். புழுக்கமான ஒரு ஞாயிறு வரட்டும். இன்னொன்று, போட்டியில் பாதையில் எந்தப் பானம் தருவார்கள் என்று முன்பே கேட்டு வாங்கிப் பயிற்சியில் குடித்துப் பாருங்கள். இல்லையென்றால் உங்களுடையதையே இடுப்புப் பையில் கொண்டுபோங்கள்.

பத்துமாரத்தான் (12:45)

நானும் எடை பார்த்தேன். 21 கிலோமீட்டருக்கு 3 கிலோ. தராசு பழசு என்று நினைக்கிறேன்.

வெண்பூசணி (1:30)

முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். உண்மையில் எனக்கும் இந்த அவசரம் உண்டு. ஆனால் நான் நடப்பது 3 கிலோமீட்டர்தான். சில நாள் ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்தும் போக வேண்டியிருக்கிறது. புடவை ரவிக்கை எல்லாம் தளர்ந்துவிட்டது, நடையால் இளைத்தேன் என்று சந்தோஷப்பட்டேன். நானும் ரசம் சாதம் ஆரம்பிக்கட்டுமா?

மருதமலைப்படி (1:38)

வேண்டாம் அக்கா. ஈசிஆர் சாருக்கு ஓடினால் வருகிறது, நின்றால் போகிறது. உங்களுக்கு அப்படி இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கும் தானாக இளைப்பதும் ஓட்டத்தால் வருவது இல்லை. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எத்தனை மாதமாக, ராத்திரி எத்தனை தடவை, எடை எவ்வளவு குறைந்தது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பாட்டை இப்போது மாற்ற வேண்டாம். முக்கியமாகக் கோதுமையை நீங்களாக நிறுத்திவிட்டால் ஒரு பரிசோதனை தப்பாகக் காட்டலாம்.

வெண்பூசணி (செவ்வாய், மாலை 6:15)

போய் வந்தேன். ரத்தமும் மலமும் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை முடிவு வரும். அதுவரை சப்பாத்தி தொடர்கிறது.